பதினெட்டாம் தவணையோடு நின்ற கடன்: ஜாமீன்தாரர் கட்ட வேண்டியது எவ்வளவு?

ஐந்து லட்ச ரூபாய் கடன். மாதத் தவணை 11,122 ரூபாய். மொத்தம் 60 மாதம். பதினெட்டு தவணைகளை ஒழுங்காகக் கட்டியவர் பத்தொன்பதாவதைக் கட்டவில்லை. அதற்குப் பிறகும் கட்டவில்லை. "சும்மா ஒரு கையெழுத்துதான் மாமா" என்று சொன்னதை நம்பி ஜாமீன் போட்டவரின் வீட்டுக்கு இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர் தலையில் எவ்வளவு?

வீட்டில் உட்கார்ந்து பேனாவை எடுத்தால் முதலில் வருவது கழித்தல் கணக்கு. பதினெட்டு தவணைக்கு 2,00,196 ரூபாய் கட்டியாயிற்று, ஐந்து லட்சத்தில் அது போனால் மீதி மூன்று லட்சத்துக்குச் சற்றுக் கீழே. பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு கணக்குப் போடுவார்: மிச்சம் 42 தவணை, தவணைக்கு 11,122 வீதம் 4,67,124 ரூபாய். இரண்டுக்கும் இடையே ஒன்றேமுக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம். இரண்டுமே தப்பு. சரியான விடை கடன் கொடுத்தவர்கள் முதல் நாளிலேயே தந்த ஒரு தாளில் இருக்கிறது. தவணை அட்டவணை என்ற அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை. ஜாமீன் போட்டவருக்கு அதன் நகல்கூடக் கைக்கு வந்திருக்காது.

மேலே சொன்னது ஒரு மாதிரிக் கணக்கு. அதையே கடைசிவரை பிடித்துக்கொண்டு போகலாம். பழைய குட்டி யானை வண்டி ஒன்றை வாங்க 2023 ஜனவரி 5ஆம் தேதி எடுத்த கடன் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 12 சதவீதம், குறையும் நிலுவைமீது. அதாவது மாதத்துக்கு ஒரு சதவீதம். முதல் தவணை பிப்ரவரி 5. பதினெட்டாவது தவணை 2024 ஜூலை 5. அட்டவணையில் நமக்கு வேண்டிய வரிகள் இவை:

| தவணை | வட்டி (ரூ.) | அசல் (ரூ.) | தவணைக்குப் பின் நிலுவை (ரூ.) |
|---|---|---|---|
| 1 | 5,000 | 6,122 | 4,93,878 |
| 2 | 4,939 | 6,183 | 4,87,695 |
| 18 | 3,872 | 7,250 | 3,79,919 |
| 19 | 3,799 | 7,323 | 3,72,596 |
| 23 | 3,502 | 7,620 | 3,42,565 |

முதல் வரியிலேயே சங்கதி தெரிந்துவிடும். ஐந்து லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 5,000 ரூபாய். கட்டிய 11,122 ரூபாயில் அது போக மிஞ்சிய 6,122 ரூபாய்தான் அசலைக் குறைத்தது. அடுத்த மாதம் நிலுவை கொஞ்சம் குறைவதால் வட்டியும் கொஞ்சம் குறைகிறது; அசலுக்குப் போகும் பங்கு அதே அளவு கூடுகிறது. தவணைத் தொகை மாறாமல் இருந்தாலும் அதன் உட்பிரிவு மாதாமாதம் மாறிக்கொண்டே போகிறது. கடனின் தொடக்க மாதங்களில்தான் வட்டிக்குப் போகும் பங்கு அதிகம். பதினெட்டு தவணைகளில் கட்டிய 2,00,196 ரூபாயில் வட்டிக்குப் போனது 80,115. அசலில் குறைந்தது 1,20,081 மட்டுமே. அதனால்தான் கழித்தல் கணக்குப் போட்டவர் எண்பதாயிரம் ரூபாய் குறைவாக நினைத்துக்கொள்கிறார்.

42 தவணைகளையும் கூட்டிய பக்கத்து வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிரான பிழையைச் செய்கிறார். வரப்போகும் மாதங்களின் வட்டியையும் சேர்த்துவிடுகிறார். வட்டி என்பது பணத்தை வைத்திருந்த காலத்துக்கான கூலி. இன்னும் பிறக்காத 2027ஆம் வருடத்து வட்டியை 2024லேயே கேட்க முடியாது.

ஆக, படிக்க வேண்டியது கடைசியாகப் பணம் கட்டிய வரியை. நம் கணக்கில் 18ஆம் வரி, நிலுவை 3,79,919 ரூபாய். இங்கே கண் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நோட்டீஸ் டிசம்பரில் வருகிறது, டிசம்பருக்கு நேரான வரி 23, அங்கே நிலுவை 3,42,565 என்று அச்சாகியிருக்கிறது. சிலர் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். அட்டவணை ஒரு வாக்குறுதியைத்தான் காட்டுகிறது: எல்லாத் தவணையும் நாள் தவறாமல் வந்தால் நிலுவை இப்படிக் குறையும் என்று. பணம் வராத மாதங்களின் வரிகள் வெறும் அச்சு. உண்மையில் என்ன கட்டப்பட்டது என்பது கணக்கு அறிக்கையில், அதாவது ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரிவரை இரண்டும் ஒத்துப்போகின்றன என்று பார்க்க வேண்டும்.

தவணை நின்ற மறுநாளே 3,79,919 ரூபாயும் ஜாமீன்தாரர் தலையில் விழுந்துவிடாது. ஆகஸ்ட் 5ஆம் தேதி தவறியது ஒரு தவணை. அந்த நாளில் அவரிடம் கேட்கக்கூடியது அந்த 11,122 ரூபாயையும் தாமதத்துக்கான கட்டணத்தையும்தான். மொத்தக் கடனையும் ஒரே தடவையில் கேட்கும் உரிமை ஒப்பந்தத்தில் உள்ள ஒரு நிபந்தனையிலிருந்து வருகிறது: இத்தனை தவணை தவறினால் முழுக் கடனையும் திரும்பக் கேட்கலாம் என்ற வரி. அதைப் பயன்படுத்தி அனுப்புவதுதான் 'ரீகால் நோட்டீஸ்'. அது வருவதற்கு முன்னால் தவறிய தவணைகளை மட்டும் கட்டிக் கணக்கைச் சீர்செய்தால் மீதிக் கடன் பழைய அட்டவணைப்படி ஓடும். ஜாமீன்தாரருக்கு மிகக் குறைந்த செலவில் தப்பிக்க வழி இருக்கும் காலம் இந்தச் சில வாரங்கள்தான். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடுகிறது. நம் கணக்கில் அது நவம்பர் முதல் வாரம்.

ரீகால் நோட்டீஸ் 2024 டிசம்பர் 5ஆம் தேதியிட்டு வருவதாகக் கொள்வோம். அன்றைக்கு ஐந்து தவணைகள் தவறியிருக்கும். கணக்கு எளிது. கடைசி நிலுவை 3,79,919. அதன்மேல் ஐந்து மாத வட்டி, மாதம் ஒரு சதவீதம், மாதாமாதம் அசலோடு சேர்வதாக இருந்தால் 19,379 ரூபாய். ஆக மொத்தம் 3,99,298 ரூபாய். சேராமல் தனி வட்டியாக இருந்தால் 384 ரூபாய் குறையும். ஒப்பந்தம் எதைச் சொல்கிறதோ அதுதான்.

இதையே இன்னொரு வழியிலும் போட்டுப் பார்க்கலாம். தவறிய ஐந்து தவணைகள் 55,610 ரூபாய். அவை எல்லாம் கட்டப்பட்டிருந்தால் 23ஆம் வரியில் மிஞ்சியிருக்கும் நிலுவை 3,42,565. இரண்டையும் கூட்டினால் 3,98,175. ஒவ்வொரு தவணையும் தாமதமான மாதங்களுக்கான வட்டி 1,123 ரூபாய். கூட்டினால் அதே 3,99,298. இரண்டு பாதையும் ஒரே ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை என்றால் நோட்டீஸில் எதையோ இரண்டு தடவை எண்ணியிருக்கிறார்கள்.

அந்த இரட்டை எண்ணிக்கை எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 'நிலுவை அசல் 3,79,919. தவறிய தவணைகள் 55,610. மொத்தம் 4,35,529' என்று நோட்டீஸில் இரண்டு வரிகள் வந்தால், பார்வைக்கு மிகவும் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தவறிய ஐந்து தவணைகளுக்குள் 37,354 ரூபாய் அசல் ஒளிந்திருக்கிறது. அதே அசல் முதல் வரியிலும் இருக்கிறது. தாமத வட்டியைச் சேர்த்துக்கொண்டு பார்த்தாலும் சரியான தொகையைவிட 36,231 ரூபாய் அதிகம். தவறிய தவணைகளைத் தனியாகக் காட்டினால், நிலுவை அசலை 23ஆம் வரியிலிருந்து எடுக்க வேண்டும். 18ஆம் வரியிலிருந்து எடுத்தால், தவறிய தவணைகளைத் தனியாகக் காட்டக் கூடாது.

அபராதம் தனி. தவணை தவறியதற்காக வட்டி விகிதத்தையே இரண்டு மூன்று சதவீதம் ஏற்றிவிடுவது முன்பு வழக்கம். 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை அதை நிறுத்தியது. வங்கியோ நிதி நிறுவனமோ வசூலிப்பது 'அபராதக் கட்டணம்' என்று தனியாக இருக்க வேண்டும். அதை அசலோடு சேர்த்து அதன்மேல் மறுபடி வட்டி போடக் கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் புதிய கடன்களுக்கு இது நடைமுறைக்கு வந்தது, பழைய கடன்கள் அந்த ஜூன் மாத முடிவுக்குள் மாற்றப்பட வேண்டும் என்று சொல்லப்பட்டது. ஆனால் வழக்கமான வட்டி அசலோடு சேர்வதை இந்தச் சுற்றறிக்கை தடுக்கவில்லை. எனவே நம் 3,99,298 அப்படியே நிற்கும். அதன் பக்கத்தில் அபராதக் கட்டணம் தனி வரியாக, கடன் பத்திரத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'ஃபிளாட்' வட்டி என்று சொல்லிக் கொடுத்த கடனுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. அதே ஐந்து லட்சத்துக்கு ஐந்து வருடம் 12 சதவீதம் ஃபிளாட் என்றால், வட்டி மூன்று லட்சம் என்று முதலிலேயே கணக்கிட்டு எட்டு லட்சத்தை அறுபதால் வகுத்துவிடுவார்கள். தவணை 13,333 ரூபாய். குறையும் நிலுவைக் கணக்கில் அது ஏறத்தாழ 20 சதவீத வட்டிக்குச் சமம். கையெழுத்துப் போடும் முன் எந்த முறை என்று கேட்காத ஜாமீன்தாரர் பிறகு அட்டவணையைப் பார்த்துத் திகைப்பதில் ஆச்சரியம் இல்லை.

அட்டவணையே இடையில் மாறியிருக்கவும் கூடும். 2020இல் கொரோனா காலத்தில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அந்தச் சலுகையை எடுத்தவர்களின் நிலுவையில் அந்த மாதங்களின் வட்டி சேர்ந்தது, கடனின் காலம் நீண்டது, பழைய தாள் காலாவதியானது. மாறும் வட்டிக் கடன்களிலும் இதே கதைதான். நோட்டீஸ் வந்ததும் கேட்க வேண்டியது நடப்பில் உள்ள கடைசி அட்டவணையை.

"அவரிடம் முதலில் வசூல் செய்யுங்கள், கிடைக்கவில்லை என்றால் என்னிடம் வாருங்கள்." ஜாமீன் போட்ட எல்லோரும் சொல்லும் வாக்கியம் இது, சட்டத்தில் இதற்கு இடமில்லை. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்தாரரின் பொறுப்புக்குச் சமமானது என்கிறது. பேங்க் ஆஃப் பிஹார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் கீழ் நீதிமன்றம் ஜாமீன்தாரருக்கு இரக்கம் காட்டியது: கடன்தாரரிடம் எல்லா வழியிலும் முயன்ற பிறகே வங்கி அவரிடம் போக வேண்டும் என்று உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 1968இல் அதை நீக்கிவிட்டது. வங்கிக்கு உடனடியாகப் பணம் கிடைப்பதற்காகத்தானே ஜாமீனே வாங்குகிறது, அதைத் தள்ளிப்போட்டால் ஜாமீனுக்கு அர்த்தம் என்ன என்பது தீர்ப்பின் சாரம். கடுமையாகத் தோன்றினாலும் அரை நூற்றாண்டுக்கு மேலாக நிற்கும் நிலை அது.

அதே 128ஆம் பிரிவில் ஜாமீன்தாரருக்குச் சாதகமான பாதியும் உண்டு. சமமானது என்றால் அதிகமானது அல்ல. கடன்தாரர் இன்று 3,99,298 ரூபாயும் அபராதக் கட்டணமும் மட்டும் கட்ட வேண்டியிருந்தால் ஜாமீன்தாரரிடம் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. ஜாமீன் பத்திரத்தில் 'மூன்று லட்சம் வரை' என்று எல்லை எழுதியிருந்தால் அந்த எல்லைதான் பேசும். அந்த வரி பெரும்பாலும் பொடி எழுத்தில், கையெழுத்துப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் இருக்கும்.

இனி வண்டிக்கு வருவோம். டிசம்பரில் குட்டி யானையைக் கைப்பற்றிய நிறுவனம் 2025 பிப்ரவரி 5ஆம் தேதி அதை 2,25,000 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18ஆம் வரியின் நிலுவை ஏழு மாத வட்டியோடு அன்றைக்கு 4,07,324 ரூபாயாக வளர்ந்திருக்கும். விற்ற பணத்தைக் கழித்தால் மிஞ்சுவது 1,82,324. இதோடு அபராதக் கட்டணமும், ஒப்பந்தம் அனுமதித்திருந்தால் வண்டியைப் பிடித்த செலவும் சேரும். ஜாமீன்தாரர் பார்க்க வேண்டியது தேதியை. பிப்ரவரி 5க்குப் பிறகு வட்டி 1,82,324 ரூபாய்மீது மட்டுமே ஓட வேண்டும். விற்ற பணத்தை மார்ச்சில்தான் வரவு வைத்தார்கள் என்றால் ஒரு மாதத்துக்கு 2,250 ரூபாய் வட்டி வீணாக ஏறியிருக்கும்.

கைப்பற்றாமலே விட்டுவிட்டால்? அல்லது ஈடாக இருந்த வண்டியைக் கடன்தாரர் விற்றுக்கொண்டு போக நிறுவனமே ஒப்புதல் கொடுத்துவிட்டால்? 141ஆம் பிரிவின்படி, ஜாமீன் போட்டபோது கடன் கொடுத்தவர் கையில் இருந்த ஈட்டின் பலன் ஜாமீன்தாரருக்கும் உரியது. அவர் சம்மதமில்லாமல் கடன் கொடுத்தவர் அந்த ஈட்டைத் தொலைத்தாலோ விட்டுக்கொடுத்தாலோ, அதன் மதிப்பு அளவுக்கு ஜாமீன்தாரர் விடுபடுகிறார். மத்தியப் பிரதேச அரசு எதிர் காலூராம் என்ற 1966ஆம் வருட வழக்கு தவணைக் கதையேதான். காட்டு மரங்களைத் தவணை முறையில் விலைக்கு எடுத்த ஒப்பந்தக்காரர், தவணைகளைக் கட்டாமலே மரத்தை எடுத்துச் செல்ல வனத்துறை விட்டுவிட்டது. பாக்கியை ஜாமீன்தாரரிடம் அரசு கேட்டபோது, கையில் இருந்த சரக்கைக் காப்பாற்றாத அரசு அவரைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதையும் வெறும் தாமதத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வங்கி சில மாதம் வழக்குப் போடாமல் சும்மா இருந்ததால் ஜாமீன் போய்விடாது. 137ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் வங்கியும் கடன்தாரரும் ஜாமீன்தாரரைக் கேட்காமல் புது ஒப்பந்தம் போட்டு அவகாசம் கொடுத்தால் 135ஆம் பிரிவு அவரை விடுவிக்கிறது. காகிதத்தில் இது பெரிய கவசம். நடைமுறையில் வங்கிகளின் ஜாமீன் படிவங்களில், அப்படி மாற்றினாலும் நான் ஆட்சேபிக்க மாட்டேன் என்ற வாசகம் பெரும்பாலும் முன்கூட்டியே அச்சாகி இருக்கும். கையெழுத்து அதற்கும் சேர்த்துத்தான் விழுந்திருக்கிறது.

நம் ஜாமீன்தாரர் பிப்ரவரியில் அந்த 1,82,324 ரூபாயைக் கட்டிவிடுகிறார். கட்டியவுடன் 140ஆம் பிரிவின்படி அவர் கடன் கொடுத்தவரின் இடத்தில் போய் நிற்கிறார். வங்கிக்குக் கடன்தாரர்மீது என்ன உரிமை இருந்ததோ அது இப்போது அவருக்கு. அதற்கு ஆதாரமாக அவர் கையில் இருக்க வேண்டியவை மூன்று: எந்தக் கடன் கணக்குக்காக, ஜாமீன்தாரர் என்ற முறையில் கட்டினார் என்று எழுதிய ரசீது, கணக்கு முடிந்ததற்கான கடிதம், முதல் நாளிலிருந்து முடிந்த நாள்வரை கணக்கு அறிக்கை. கூட இன்னொருவரும் ஜாமீன் போட்டிருந்தால், வேறு ஏற்பாடு இல்லாதபோது, இருவரும் சமமாகத் தாங்க வேண்டும் என்பது 146ஆம் பிரிவு. வங்கி முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம். கட்டியவர் மற்றவரிடம் 91,162 ரூபாயைக் கேட்டு வாங்கலாம்.

கடன்தாரரிடமிருந்து திரும்பப் பெறுவதற்கு 145ஆம் பிரிவு. ஜாமீன்தாரர் நியாயமாகக் கட்டிய தொகை எதுவானாலும் அதைக் கடன்தாரர் திருப்பித்தர வேண்டும். தவறாகக் கட்டியதைத் தர வேண்டியதில்லை. நோட்டீஸில் இருந்த 4,35,529 ரூபாயைச் சரிபார்க்காமல் டிசம்பரிலேயே எண்ணிக் கொடுத்திருந்தால், அதில் 3,99,298 வரைதான் மருமகனிடம் கேட்க முடியும். மீதி 36,231 ரூபாய்க்கு அந்த மாமா வங்கியோடுதான் வாதாட வேண்டும்.